ஊதுவது உறிஞ்சும், உறிஞ்சுவது துப்பும்

பல் கிளினிக்கில் நம் வாய்க்குள் வந்து சத்தம் போடும் கருவிகளில் இரண்டைப் பார்ப்போம். ஒன்று, பல்லைக் குடையும் ஏரோட்டார். பாதிப் பேரை வாசலோடு திருப்பி அனுப்புவது அதன் கீச்சுக் குரல்தான். மற்றது, கன்னத்தோரம் வளைத்து மாட்டிவிடும் சக்ஷன் குழாய். எச்சிலையும் தண்ணீரையும் சர்ரென்று இழுத்துக்கொண்டே இருக்கும். ஏரோட்டாரின் வேலை காற்றையும் தண்ணீரையும் வெளியே பீய்ச்சுவது. சக்ஷனின் வேலை உள்ளே இழுப்பது. ஆனால் சில நொடிகளுக்கு இரண்டுமே தங்கள் வேலையைத் தலைகீழாகச் செய்யும். ஊத வேண்டியது உறிஞ்சும், உறிஞ்ச வேண்டியது துப்பும். ஒருவர் வாயில் இருப்பது இன்னொருவர் வாய்க்குப் போக வழி பிறப்பது அந்த நொடிகளில்தான். கருவி கெட்டுப்போக ஆரம்பிப்பதும் பெரும்பாலும் அங்கேதான்.

முதலில் ஏரோட்டார். ஜான் போர்டன் என்ற அமெரிக்கப் பல் மருத்துவர் 1957-ல் கொண்டுவந்த கருவியின் பெயர் அது. இன்று எந்தக் கம்பெனி செய்தாலும் நம் ஊர் கிளினிக்குகளில் அதற்கு ஏரோட்டார் என்றே பெயர். சுண்டுவிரல் நுனி அளவே இருக்கும் அதன் தலைக்குள் ஒரு சின்னக் காற்றாடி, அதைத் தாங்க மேலும் கீழும் இரண்டு பேரிங், பர் எனப்படும் குடையும் முனையைக் கவ்விப் பிடிக்க ஒரு சக். கம்ப்ரசரிலிருந்து வரும் காற்று அந்தக் காற்றாடியில் மோதி, நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் சுற்று சுற்ற வைக்கிறது. பேரிங்கில் உருளும் குண்டுகள் கடுகைவிடச் சிறியவை. இந்த வேகத்தில் அவற்றுக்கு நடுவே ஒரு துளி எச்சில் காய்ந்து ஒட்டியிருந்தாலும் அது சும்மா இருக்காது.

அந்த எச்சில் எப்படி உள்ளே போகிறது? மருத்துவர் பெடலிலிருந்து காலை எடுத்ததும் காற்று நின்றுவிடும். காற்றாடி உடனே நிற்காது, ஓடிய வேகத்தில் இன்னும் கொஞ்சம் சுற்றும். தள்ளுவதற்குப் புதுக் காற்று வராத நிலையில், சுற்றும் காற்றாடி தலைக்குள் அழுத்தத்தைக் குறைத்து, பர்ரைச் சுற்றியுள்ள இடுக்கு வழியே வெளியில் இருப்பதை உள்ளே இழுக்கிறது. அப்போது பர் இருப்பது வாய்க்குள். அங்கே இருப்பது எச்சில், ரத்தம், பல் தூள். தண்ணீர் வரும் மெல்லிய துளைகளிலும் இப்படிப் பின்னோக்கி இழுபடுவது உண்டு. அதைத் தடுக்க இப்போது வரும் நாற்காலிகளில் ஒருவழி வால்வு வைக்கிறார்கள். வால்வும் நாளடைவில் தேயும். தேய்ந்தது வெளியே தெரியாது.

1990-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பல் மருத்துவரிடம் சிகிச்சை பெற்றவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அந்நாட்டு நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவித்தது. அந்த மருத்துவருக்கும் அதே தொற்று இருந்தது. பிறகு அவரிடம் போனவர்களில் மொத்தம் ஆறு பேர் என்று கணக்கு நின்றது. எந்த வழியில் தொற்றியது என்பது கடைசிவரை தெளியவில்லை, ஏரோட்டார் மீது யாரும் நிரூபிக்கவும் இல்லை. ஆனால் அந்தப் பரபரப்பில்தான் கருவியின் உள்புறத்தை ஆராய்ச்சியாளர்கள் உற்றுப் பார்த்தார்கள். 1992-ல் லான்செட் இதழில் வந்த ஆய்வு, உள்ளே இழுபட்டது அடுத்த முறை ஓட்டும்போது வெளியே வருகிறது என்று காட்டியது. மேற்புறத்தை மட்டும் மருந்து போட்டுத் துடைத்து அடுத்தவருக்குப் பயன்படுத்தக் கூடாது, ஒவ்வொருவருக்கும் இடையே வெப்பத்தால் கிருமி நீக்கம் செய்ய வேண்டும் என்பது இப்போது உறுதியான விதி. அந்த மையம் 2003-ல் வெளியிட்ட வழிகாட்டியிலும் அது அப்படியே இருக்கிறது.

நம் ஊரில் ஸ்பிரிட் பஞ்சால் தலையை நன்றாகத் துடைத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடும் வழக்கம் இன்னும் அங்கங்கே இருக்கிறது. துடைப்பவர் சோம்பேறி இல்லை, சிரத்தையாகத்தான் துடைக்கிறார். ஆனால் அழுக்கு இருப்பது உள்ளே. பஞ்சு போகாத இடத்துக்கு ஸ்பிரிட்டும் போகாது.

சரியாகச் செய்யும் கிளினிக்கில் என்ன நடக்கிறது என்று பக்கத்தில் நின்று பார்ப்போம். சிகிச்சை முடிந்ததும் சிஸ்டர் ஏரோட்டாரை உடனே கழற்றுவதில்லை. பர்ரை எடுக்காமலே, தலையைச் சக்ஷன் குழாயின் வாயருகே பிடித்து, தண்ணீரும் காற்றும் வரும்படி 20 முதல் 30 நொடி ஓட விடுகிறார். பின்னோக்கிப் போன எச்சிலில் பெரும்பகுதி இதில் வெளியே வந்துவிடும். தெறிக்கும் துளியைச் சக்ஷன் வாங்கிக்கொள்ளும். பர் இல்லாமல் ஓட்டினால் சக் சரியாகப் பிடிக்க ஆள் இல்லாமல் பாழாகும், அதனால்தான் பர்ரை விட்டு வைப்பது. அதன் பிறகு பர்ரை எடுத்து, கருவியைக் கழற்றி, ஈரத் துணியால் அல்லது ஓடும் தண்ணீரில் மேல்புறத்தைத் தேய்த்துத் துடைக்கிறார். கிருமிநாசினிக் கரைசலில் ஊறப் போடக் கூடாது. மற்ற கருவிகளைக் கழுவும் அல்ட்ராசோனிக் தொட்டியிலும் போடக் கூடாது. இரண்டுமே பேரிங்குக்குள் திரவத்தைப் புகுத்தி, துருவுக்கு வழி செய்யும்.

அடுத்தது எண்ணெய். அதிகம் தவறு நடக்கும் இடமும் இதுதான். நம் ஊரில் பரவலாக உள்ள நான்கு ஓட்டை ஏரோட்டாரின் பின்பக்கத்தைப் பார்த்தால் சின்னதாக இரண்டும் பெரிதாக இரண்டும் ஓட்டைகள் தெரியும். சின்னவை தண்ணீருக்கும் தெளிப்புக் காற்றுக்கும். பெரிய இரண்டில் ஆகப் பெரியது பயன்படுத்திய காற்று திரும்பிப் போகும் வழி. அதைவிடக் கொஞ்சம் சிறியதுதான் காற்றாடியைச் சுழற்றும் காற்று வரும் வழி. எண்ணெய் ஸ்பிரேயின் மூக்கு அதில்தான் உட்கார வேண்டும். ஓட்டை மாறினால் எண்ணெய் பேரிங்கைத் தொடாமலே வெளியே வந்துவிடும். 'தினமும் எண்ணெய் போடுகிறோம், ஆனாலும் போகிறதே' என்று அலுத்துக்கொள்ளும் கிளினிக்குகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

தலையை ஒரு காஸ் துணியில் சுற்றிப் பிடித்து ஓரிரு நொடி ஸ்பிரே அடித்தால், துணியில் எண்ணெய் இறங்கும். அந்தக் கறைதான் கருவியின் உள்நிலைமையைச் சொல்லும் சாட்சி. தெளிவாக வந்தால் நல்லது. பழுப்பாகவோ கறுப்பாகவோ வந்தால், நிறம் தெளியும்வரை மறுபடி அடிக்க வேண்டும். இரண்டு மூன்று முறைக்குப் பிறகும் கறுத்தே வந்தால் பேரிங் அரைபடத் தொடங்கிவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். சக்கின் வாய்க்குள்ளும் வாரம் ஒரு முறையாவது தனியாக எண்ணெய் போக வேண்டும். இது பலருக்கு மறந்துபோகிற வேலை.

எண்ணெய் போட்ட கையோடு பவுச்சில் போட்டு ஆட்டோகிளேவுக்கு அனுப்பவும் கூடாது. மிஞ்சிய எண்ணெய் நீராவிச் சூட்டில் பிசினாகிப் பேரிங்கை ஒட்டவைக்கும். அதனால் பர் மாட்டி இன்னொரு 20, 30 நொடி ஓட்டி, உபரி எண்ணெயை வெளியேற்றி, தலையைத் துடைத்த பிறகே பவுச். இதைச் செய்யாவிட்டால் வேறொரு கெடுதலும் உண்டு. மறுநாள் பல்லில் நிறத்துக்கேற்ற ஃபில்லிங் வைக்கும்போது அந்த எண்ணெய் பல்லின் மேல் தெளித்து, பசை சரியாகப் பிடிக்காமல் போகும். ஃபில்லிங் விழுந்தால் பழி மருந்தின் மீதுதான் விழும்.

ஆட்டோகிளேவில் 134 டிகிரி சூட்டில் மூன்று நான்கு நிமிடம், அல்லது 121 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம். இவை நீராவி கருவியைத் தொட்டு நிற்கும் நேரம் மட்டுமே. சூடாவது, காற்று வெளியேறுவது, காய்வது எல்லாம் சேர்ந்தால் முக்கால் மணி நேரம் ஆகிவிடும். ஏரோட்டார் உள்ளே குழலும் துளையுமாக இருப்பதால், உள்ளே அடைபட்ட காற்றை முதலில் பம்ப் வைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு நீராவியைச் செலுத்தும் 'பி' வகை ஆட்டோகிளேவ் தேவை. காற்று இருக்கும் இடத்துக்கு நீராவி வராது. அடுப்பில் வைக்கும் குக்கர் வகை ஆட்டோகிளேவுக்கு இந்த வேலை முடியாது. உலர் சூட்டு அடுப்பு இன்னும் மோசம். அதில் 160 டிகிரிக்கு மேல் போகும், இந்தக் கருவிகளில் பெரும்பாலானவை 135-க்கு மேல் தாங்காது. முடிந்த பிறகு ஈரத்தோடு இரவு முழுக்க உள்ளேயே விட்டுவைப்பதும், அவசரத்துக்குத் தண்ணீரில் காட்டிக் குளிர வைப்பதும் பேரிங்குக்கு எமன்.

இங்கேதான் எல்லா மருத்துவரும் ஒரு கேள்வி கேட்பார்கள். ஒவ்வொருவருக்கும் இத்தனை செய்தால் எத்தனை ஏரோட்டார் வாங்குவது? கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு நாற்காலி, ஒரு ஆட்டோகிளேவ், மாலை 5 முதல் 9 வரை வேலை. பத்துப் பேர் வருகிறார்கள், அதில் ஆறு பேருக்கு ஏரோட்டார் தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். சராசரியாக 40 நிமிடத்துக்கு ஒருவர். சுத்தம் செய்து, எண்ணெய் போட்டு, ஆட்டோகிளேவ் ஓடி, ஆறி, மறுபடி கைக்கு வர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கையில் இரண்டே இருந்தால் மூன்றாவது நோயாளி வரும்போது முதல் கருவி இன்னும் சூட்டில் இருக்கும். பஞ்சுக்குக் கை போவது அந்த நிமிடத்தில்தான். மூன்று இருந்தால் ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஓட்டி மூச்சுத் திணறலோடு சமாளிக்கலாம். நான்கு இருந்தால் இரண்டிரண்டாக ஓட்டலாம், ஆத்திர அவசரம் இல்லை. ஆறு இருந்தால் மாலையில் ஆட்டோகிளேவைத் தொடவே வேண்டாம், கடைசியில் ஒரே தடவையாகப் போடலாம். என் கணக்கில் நான்குக்குக் கீழே இருக்கும் கிளினிக், விதியைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தாலும் எல்லா நாளும் கடைப்பிடிக்க முடியாது. கருவிக்கும் இதில் லாபம் உண்டு. ஒரே ஏரோட்டார் ஆறு பேருக்கு உழைப்பதும், ஆறு ஏரோட்டார் ஆளுக்கு ஒருவருக்கு உழைப்பதும் ஒன்றல்ல.

கெடப்போகிறது என்பதைக் கருவியே முன்கூட்டிச் சொல்லும். சத்தத்தின் சுருதி இறங்கும், அல்லது நடுவே ஒரு கரகரப்பு சேரும். மின்சாரம் இல்லாதபோதே இதைச் சோதிக்கலாம். பர்ரை மாட்டி விரலால் மெல்லச் சுற்றினால் வழவழவென்று போக வேண்டும், மணல் அகப்பட்டது போலத் தட்டக் கூடாது. பர்ரைப் பிடித்து இழுத்தால் வரக் கூடாது, பக்கவாட்டில் ஆடக் கூடாது. வளைந்த பர், முனை மழுங்கிய பர் இரண்டும் பேரிங்கைச் சீக்கிரம் காலி செய்யும். ஐம்பது ரூபாய் பர்ரை மிச்சம் பிடித்து ஆயிரக்கணக்கில் கார்ட்ரிட்ஜுக்குக் கொடுப்பது இப்படித்தான் நடக்கிறது. ஓடும்போது தலையின் பின்புறப் பொத்தான் கன்னத்தில் அழுந்தினாலும் ஆபத்து. உராய்வில் அது சூடாகும், மரத்துப்போன கன்னத்துக்குச் சூடு தெரியாது. மின் மோட்டாரில் ஓடும் கருவிகளால் இப்படி நோயாளிகளுக்குத் தீக்காயம் ஏற்பட்டது பற்றி அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-ல் எச்சரித்திருக்கிறது. பராமரிக்காத, தேய்ந்த கருவிகளில்தான் இது அதிகம்.

ஏரோட்டாரில் குற்றமே இல்லாமல் அது அடிக்கடி கெட்டால் கம்ப்ரசரைப் பாருங்கள். காற்றை அழுத்தினால் அதிலுள்ள ஈரம் தண்ணீராகித் தொட்டியடியில் தேங்கும். சென்னை, நாகப்பட்டினம் போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரமே சேரும். மாலை கடை கட்டும்போது தொட்டியின் அடி வால்வைத் திறந்து, தண்ணீர் நின்று வெறும் காற்று வரும்வரை விட வேண்டும். செய்யாத இடத்தில் அந்தத் தண்ணீர் காற்றோடு போய்ப் பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும்.

இனி சக்ஷன். அது எப்படித் துப்பும் என்று கேட்கலாம். வாயில் வைத்த குழாயைச் சுற்றி உதட்டை இறுக மூடிக்கொண்டால், நாம் இளநீரை ஸ்ட்ராவில் இழுப்பது போன்ற இழுவை வாய்க்குள் உண்டாகும். எச்சில் குழாயின் இழுவை அதைவிடப் பலவீனமாக இருந்தால், குழாயில் ஏற்கெனவே போன திரவம் திரும்பி வாய்க்குள் வரும். 1993-ல் அமெரிக்கப் பல் மருத்துவச் சங்க இதழில் வந்த ஆய்வு இதை முதலில் கவனப்படுத்தியது. குழாயை நோயாளியின் வாயைவிட உயரத்தில் மாட்டினாலும், பக்கத்திலேயே பெரிய சக்ஷனை ஒரே நேரத்தில் ஓட்டினாலும் இது நடக்கலாம். இதனால் யாருக்கும் நோய் வந்ததாகப் பதிவில்லை என்று அந்த நோய்க் கட்டுப்பாட்டு மையமே சொல்கிறது. அதற்காக முன்னால் வந்தவரின் எச்சில் நம் வாய்க்குள் வரட்டும் என்று யாரும் விட்டுவிடப் போவதில்லை.

வாயில் வைக்கும் பிளாஸ்டிக் முனையை ஒவ்வொருவருக்கும் மாற்றுகிறார்கள். அதோடு கடமை முடிந்துவிட்டதாக நினைப்பதுதான் பிரச்சினை. முனைக்குப் பின்னால் இருக்கும் நீண்ட குழாய் யாருக்கும் மாறுவதில்லை. அதன் உள்சுவரில் ரத்தமும் எச்சிலும் படிந்து, வழவழப்பான கிருமிப் படலமாகிவிடும். காலையில் கிளினிக்கைத் திறந்ததும் நாற்காலிப் பக்கம் அழுகல் வாடை அடித்தால் காரணம் அதுதான். நோயாளிக்கு நோயாளி ஒரு டம்ளர், அதாவது 200, 250 மில்லி தண்ணீரை இழுத்துவிட்டாலே படிவு ஒட்டும் முன் பெரும்பகுதி போய்விடும். பல் பிடுங்கிய பிறகு இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். தண்ணீரில் முக்கியே வைக்காமல், முக்கி முக்கி எடுத்தால் காற்றும் தண்ணீரும் கலந்து சுவரைத் தேய்த்துக்கொண்டு போகும்.

இரவில் முழு வேலை. முதலில் பச்சைத் தண்ணீர் ஒரு லிட்டர். சுடுதண்ணீர் நல்லது என்று பலர் நினைக்கிறார்கள். சூட்டில் ரத்தப் புரதம் உறைந்து குழாயோடு ஒட்டிக்கொள்ளும், முட்டை வேகிற மாதிரி. அதன் பிறகு சக்ஷனுக்கென்றே விற்கும் நுரைக்காத கரைசலை, குறிப்பில் சொன்ன அளவில் கலந்து ஒவ்வொரு குழாயிலும் இழுத்து, குறிப்பில் உள்ள நேரம்வரை, பெரும்பாலும் இரவு முழுக்க, உள்ளே நிற்க விட வேண்டும். காலையில் மறுபடி தண்ணீர். பாத்திரம் கழுவும் திரவமும் தரை துடைக்கும் ஃபினைலும் வேண்டாம். நுரை மோட்டாருக்குள் போனால் மோட்டார் படுத்துவிடும். பிளீச்சிங் கரைசல் உலோகத்தை அரிக்கும், அதோடு பழைய வெள்ளிநிற ஃபில்லிங் துகள்களிலிருந்து பாதரசத்தை விடுவிக்கும். வடிகட்டியில் சேரும் அந்தத் துகள்களைச் சிங்கில் தட்டிவிடக் கூடாது என்பதும் அதனால்தான். கையுறை போட்டு எடுத்து, தனி டப்பாவில் சேர்க்க வேண்டும்.

ஒரு நிகழ்வைப் பார்க்கலாம். திங்கள்கிழமை நன்றாக இழுத்த சக்ஷன் வெள்ளிக்கிழமை தொண்டையில் தண்ணீரை நிரப்புகிறது, நோயாளிகள் கையைத் தூக்குகிறார்கள். மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் சிஸ்டரே தேட முடியும். முனையைக் கழற்றி, குழாய் வாயில் கட்டை விரலை வைக்க வேண்டும். விரலைப் பிடித்து இழுத்தால் பிசகு முனையில்தான். இழுக்கவில்லையென்றால் வடிகட்டியைத் திறக்க வேண்டும். பஞ்சு நூலும், அளவெடுத்த ஆல்ஜினேட் துண்டும், ரத்தக் கட்டியுமாக ஒரு கட்டி கிடைக்கும். பத்தில் எட்டு முறை கதை இங்கேயே முடிந்துவிடும் என்று சர்வீஸ் செய்பவர்கள் சொல்வார்கள். வடிகட்டி சுத்தம், ஆனாலும் ஒரு லிட்டர் தண்ணீர் மெல்லவே போகிறது என்றால் குழாயின் உட்புறம் படிந்திருக்கிறது. சிறு கிளினிக்குகளில் பல சக்ஷன்கள் தனி மோட்டார் இல்லாமல் கம்ப்ரசர் காற்றிலேயே இயங்குபவை. அங்கே ஏரோட்டாரும் சேர்ந்து சுணங்கினால் குழாயைக் கழுவிப் பயனில்லை, கம்ப்ரசரின் அழுத்தக் கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

நாற்காலியில் சாய்ந்திருக்கும் நாமும் இரண்டைச் செய்யலாம். சக்ஷன் குழாயைச் சுற்றி உதட்டை மூடாதீர்கள், துப்பவேண்டும்போல் இருந்தால் கையைத் தூக்கிக் கேளுங்கள். ஏரோட்டார் நம் கண்முன்னே மூடிய பவுச்சிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று பாருங்கள். பவுச்சில் உள்ள அடையாளக் கோடு நிறம் மாறியிருக்க வேண்டும். இல்லையென்றால், 'இது ஆட்டோகிளேவ் செய்ததுதானா டாக்டர்?' என்று தயங்காமல் கேளுங்கள். நல்ல மருத்துவர் இந்தக் கேள்விக்குக் கோபிக்க மாட்டார்.